கோடும் ஒரு தொடரே

பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்த்துவரும் எனக்கு, மாதந்தோறும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கவேண்டிய காகிதங்களுள் அதிக விவாதத்துக்கு இடம் தருவது, நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை லிட்டர் பால் வந்தது என்பதை மாதவாரியாகத் தூண்களாக நிறுத்திக் காட்டும் எக்ஸெல் சித்திரமேயாகும். அத்தூண்களுக்குக் குறுக்கே, சங்கத்தின் இலக்கான 500 லிட்டரைக் குறிக்கும் கிடைக்கோடு ஒன்று சென்றாக வேண்டும். குழுவினரின் பார்வை முதலில் விழுவது அதன்மேல்தான்.

எனக்கு முன்பு இப்பொறுப்பில் இருந்தவர், Shapes என்னும் பட்டியலிலிருந்து ஒரு சிவப்புக் கோட்டை எடுத்து, 500-க்கு நேராகச் சித்திரத்தின்மீது வரைந்து வைத்திருந்தார். அக்டோபர் வரை எந்த மாதமும் 480-ஐத் தாண்டாமையால் இடப்புற அச்சு 600-இல் முடிந்திருந்தது. நவம்பரில் 560 வந்தபோதும் அது மாறவில்லை. டிசம்பரில் 620 லிட்டர் வரவே, எக்ஸெல் தானாகவே அச்சை 700 வரை உயர்த்த, தூண்கள் யாவும் அந்த விகிதப்படி குறுகின. கோடு மட்டும் முன்போலவே, உயரத்தில் ஆறில் ஐந்து பங்கில் நின்றது. 700-இல் ஆறில் ஐந்து பங்கு ஏறக்குறைய 583 அல்லவா? ஆகவே இலக்கைக் கடந்த நவம்பர், இலக்கை எட்டாத மாதமாகக் காட்சியளித்தது!

இதற்குப் பரிகாரம், கோட்டையும் தரவிலிருந்தே பிறக்கச் செய்வது. A பத்தியில் மாதமும் B பத்தியில் லிட்டரும் இருக்க, C பத்திக்கு 'இலக்கு' என்று தலைப்பிட்டு, E1 என்னும் கட்டத்தில் 500 என எழுதி, C2 முதல் C13 வரை பன்னிரண்டு மாதங்களுக்கும் இச்சூத்திரத்தை நிரப்பினேன்:

```
=$E$1
```

வராத மாதங்களுக்கு லிட்டர் காலியாக இருந்தாலும் இலக்கு நிரம்பியிருக்க வேண்டும். இல்லையேல் கோடு நடுவழியில் நின்றுவிடும். மூன்று பத்திகளையும் தெரிவுசெய்து தூண் சித்திரம் வரைந்தால், முதலில் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு தூண்கள் எழும். இலக்குத் தூண் ஒன்றின்மேல் வலச்சொடுக்கி, Change Series Chart Type என்பதில் அத்தொடருக்கு மட்டும் Line என மாற்றினால், அத்தூண்கள் மறைந்து கோடு தோன்றும்.

அதே பெட்டியில் Secondary Axis என்றொரு சிறு கட்டம் இருக்கிறது. இலக்குத் தொடருக்கு அதில் குறியிட்டுவிட்டால், கோடு தனக்கென வலப்புறத்தில் ஓர் அச்சை உண்டாக்கிக்கொள்ளும். 500 மட்டுமே அறிந்த அவ்வச்சு 600-இல் முடிய, தூண்களின் அச்சோ 700-இல் முடிய, கோடு மறுபடியும் அதே 583-க்கு நேராகப் போய் நிற்கும். கையால் வரைந்த கோட்டின் பிழை, சூத்திரத்தின் வேஷத்தில் திரும்பி வருகிறது. வலப்புறத்தில் இரண்டாவது எண் வரிசை தென்படுவதே இதன் அடையாளம். அழகு கருதி அந்த எண்களை மறைத்து வைப்பவர்களும் உண்டு. அப்போது பிழை அப்படியே இருக்க, அடையாளம் மட்டும் அழிந்துபோகிறது. குறியை எடுத்துவிடுவதே முறை.

இனி எஞ்சுவது ஓர் அழகுக் குறை. கோடு முதல் தூணின் நடுவில் தொடங்கிக் கடைசித் தூணின் நடுவில் முடிந்துவிடுகிறது. ஏனெனில் இவ்வகைக் கோட்டின் புள்ளிகள் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒதுக்கப்பட்ட இடத்தின் மையத்திலேயே விழும். இரு ஓரங்களையும் தொடவேண்டுமானால், கோட்டின்மேல் வலச்சொடுக்கி Add Trendline என்பதில் Linear-ஐத் தேர்ந்து, Forecast பகுதியில் Forward, Backward இரண்டுக்கும் 0.5 என இடவேண்டும்: மையத்திலிருந்து ஓரத்துக்குள்ள தூரம் அந்த அரை மாதந்தான். பின்பு மூலக் கோட்டை No line ஆக்கிவிட்டு, நீண்ட கோட்டுக்கு வர்ணம் தீட்டலாம். குறிவிளக்கத்தில் இலக்கு இரண்டு முறை தோன்றும், ஒன்றை நீக்கிவிடுங்கள்.

ஆனால் இந்த உபாயம் இலக்கு ஆண்டு முழுவதும் மாறாதிருக்கும்வரை மட்டுமே செல்லும். ஜனவரி முதல் இலக்கு 550 என்று குழு தீர்மானித்தால், E1-ஐத் திருத்துவது கூடாது. சென்ற மாதங்களும் புதிய அளவுகோலால் அளக்கப்பட்டுவிடும். C பத்தியில் ஜனவரி முதலான கட்டங்களில் மட்டும் 550 என எழுதவேண்டும். அப்போது நீட்டிய கோடு, இரண்டு இலக்குகளையும் கலந்து, ஏப்ரலிலிருந்து மார்ச் வரை ஒரே சரிவாக ஏறும். யாரும் விதிக்காத இலக்கு அது. அத்தகைய ஆண்டில் Trendline-ஐ அழித்து, மூலக் கோட்டுக்கே மீண்டும் வர்ணம் கொடுத்து, ஓரங்களைத் தொடாத, டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையே மட்டும் ஏறுகிற அக்கோட்டையே குழுவின் முன் வைக்கிறேன்.