துண்டுச் சீட்டு செல்லுமா?

கைமாற்றாகக் கொடுத்த பணம் பற்றி நம்மிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. வெறும் தாளில் கையால் எழுதியது கோர்ட்டில் நிற்காது என்பது ஒன்று. கையெழுத்து வாங்கியாயிற்று, இனி எங்கே போய்விடுவான் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. இவற்றில் இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது. ஏனென்றால் அதை நம்புகிறவர் சீட்டைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்.

இங்கே பேசுகிற இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர்கள். ஒருவர் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார். மற்றவர் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்சீப் கோர்ட்டில் புரோநோட்டு வழக்குகளோடு காலம் கழித்தவர். கடைக்காரர் தன்னிடம் வழக்கமாகச் சாமான் வாங்கும் ஒரு வயரிங் கான்ட்ராக்டருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். கான்ட்ராக்டர் கடை பில்லின் பின்பக்கத்தில், தன் கைப்பட, கடைக்காரரின் முழுப்பெயரைக் குறித்து இப்படி எழுதிக் கொடுத்திருந்தார்: “தங்களிடம் ரூ. 1,50,000 கடனாகப் பெற்றுக்கொண்டேன். தாங்கள் கேட்கும்போது திருப்பித் தருகிறேன்.” கீழே கையெழுத்து, தேதி 14.3.2023. பேச்சு நடந்தது 2025 நவம்பரில்.

நம்பிக்கை: முத்திரைத்தாளில் டைப் அடித்து, நோட்டரியிடம் சீல் வாங்கினால்தான் ஒப்பந்தம்.

“அப்பவே ஒரு இருபது ரூபா பத்திரம் வாங்கி, டைப் அடிச்சு, நோட்டரி சீல் போட்டிருக்கணும்ப்பா. இது வெத்துப் பேப்பர்தானே?” என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

“வெத்துப் பேப்பர்ங்கிறது ஒரு குத்தமே இல்ல. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல பத்தாவது பிரிவைப் பாரு. ரெண்டு பேரும் மனசார சம்மதிச்சிருக்கணும், ஒப்பந்தம் பண்ற தகுதி இருக்கணும், பதிலுக்கு ஏதாவது கைமாறியிருக்கணும், நோக்கம் சட்டத்துக்கு விரோதமா இருக்கக் கூடாது. இவ்வளவுதான். பேனாவா டைப்பான்னு அது கேக்கவே இல்ல. வாய்ப்பேச்சா கடன் குடுத்தாக்கூட ஒப்பந்தம்தான். நிரூபிக்கிறதுதான் கஷ்டம்.”

“நோட்டரி?”

“இன்னார் என் முன்னால கையெழுத்துப் போட்டார்னு சொல்றவர் நோட்டரி. அவர் சீல் இருந்தா அந்த மட்டுக்கு உதவி. இல்லாததால கடன் இல்லைன்னு ஆகாது.”

சொல்லப்போனால், கையால் எழுதியதில் ஒரு பலமே இருக்கிறது. டைப் அடித்த தாளில் கடன் வாங்கியவருடையது கையெழுத்து ஒன்றுதான். “அது என் கையெழுத்தே இல்லை” என்று அவர் மறுத்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு கிறுக்கலை விட்டால் வேறில்லை. முழுச் சீட்டையும் அவரே எழுதியிருந்தால், எழுத்துகளின் வளைவு, சுழி, இடைவெளி, அழுத்தம் என்று நிபுணருக்குப் பார்க்க நிறைய கிடைக்கும். அதே காலத்தில் அவர் வங்கியிலோ வேறு அலுவலகத்திலோ எழுதிக் கொடுத்த தாள்கள் ஒப்பிடக் கிடைத்தால் இன்னும் நல்லது. நீதிபதியே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் சட்டம் இடம் தருகிறது.

நிலம், வீடு விஷயத்தில் மட்டும் இந்தத் தாராளம் இல்லை. நூறு ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள நிலம், வீட்டின் விற்பனையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். துண்டுச் சீட்டில் நிலம் கைமாறாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தமும் கட்டாயப் பதிவுக்குள் வந்துவிட்டது.

நம்பிக்கை: வாசகம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, சீட்டு அவ்வளவு பலம்.

“அப்ப என் சீட்டு செல்லும்?”

குமாஸ்தா சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். “ஒப்பந்தமா செல்லும். கோர்ட்டுல காட்ட முடியுமாங்கிறதுதான் கேள்வி. ‘கேட்கும்போது திருப்பித் தருகிறேன்’னு எழுதிட்டாரே, அதுதான் சிக்கல்.”

“அது நல்லதுதானே? தர்றேன்னு ஒத்துக்கிட்டாரே!”

“அந்த வார்த்தையாலதான் இது புரோநோட்டு ஆயிடுச்சு.”

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்னாருக்கு இவ்வளவு தொகையை நிபந்தனை இல்லாமல் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புரோநோட்டு. மேலே அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘உங்களுக்கு நான் ஆயிரம் ரூபாய் பாக்கி’ என்ற மாதிரி வெறும் ஒப்புதல் புரோநோட்டு அல்ல என்றும், அதோடு ‘கேட்கும்போது தரப்படும்’ என்ற பொருள் சேர்ந்தால் புரோநோட்டு என்றும் அந்தச் சட்டத்தின் உதாரணங்களே பிரித்துக் காட்டுகின்றன.

புரோநோட்டு ஆகிவிட்டால் அதற்கு முத்திரைக் கட்டணம் உண்டு. கேட்கும்போது தர வேண்டிய நோட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகையானாலும் பைசாக் கணக்குதான். நடைமுறையில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் குறுக்கே கையெழுத்து வாங்குகிறோம். (இத்தனை மாதம் கழித்துத் தருகிறேன் என்று கெடு வைத்து எழுதினால் கட்டணம் தொகைக்கு ஏற்ப ஏறும். அதனால்தான் புரோநோட்டுகளில் ‘கேட்கும்போது’ என்ற சொல் தவறாமல் வருகிறது.) முத்திரைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, போதிய முத்திரை இல்லாத ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்கிறது. மற்ற பல ஆவணங்களுக்கு விட்டுப்போன கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டி உள்ளே வர வழி வைத்திருக்கிறது. புரோநோட்டுக்கு அந்த வழி கிடையாது. பத்து மடங்கு கட்டுகிறேன் என்றாலும் ஏற்க மாட்டார்கள்.

பைசாக் கணக்குக் கட்டணம் விட்டுப்போனதற்காக லட்சக்கணக்கான ரூபாய்க்கான சாட்சியத்தை அடியோடு தள்ளுவது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சட்டம் மாறாதவரை கடன் கொடுப்பவர் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

“சரி, இப்பவே ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப் வாங்கி ஒட்டிட்டா? யாருக்குத் தெரியப்போகுது?”

குமாஸ்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “அதை மட்டும் செஞ்சிடாத. எழுதிக் குடுக்குறதுக்கு முன்னாடியோ, குடுக்கும்போதோ ஒட்டணும். ஸ்டாம்ப் மேல அவர் கையெழுத்து இல்லாம இருந்தா, அப்புறம் ஒட்டினதுன்னு எதிர் வக்கீல் முதல் கேள்வியிலேயே பிடிச்சிடுவார். சாட்சிக்கூண்டுல நீ பொய் சொல்லணும். இருக்கிற உண்மையான கடனும் சந்தேகத்துக்குப் போயிடும்.”

நம்பிக்கை: சீட்டு என் கையில் இருக்கும்வரை கடன் இருக்கும்.

சீட்டைத் திருப்பிப் பார்த்த குமாஸ்தா மறுபக்க மூலையில் ஒரு வரியைக் கண்டார்: ‘ஜன. 2025, ரூ. 10,000 வரவு.’

“இது யார் எழுதினது?”

“நான்தான். ரொக்கமா குடுத்தார், குறிச்சு வச்சேன். வரவு வச்சா மூணு வருஷம் புதுசா ஆரம்பிக்கும்னு சொல்வாங்களே?”

“ஆரம்பிக்கும், அவர் எழுதியிருந்தா. இல்ல, நீ எழுதி அவர் கீழ கையெழுத்துப் போட்டிருந்தா. நீயே எழுதிக்கிட்ட வரவு அவரைக் கட்டாது.”

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் பிராது போட வேண்டும். அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதைத் தானே எழுதியோ கையெழுத்திட்டோ குறித்தாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். வரவு வைக்கும்போது பேனாவை அவர் கையில் கொடுக்காமல் தாமே எழுதிக்கொண்டு காலத்தைக் கோட்டைவிட்டவர்கள் கோர்ட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

“அப்ப 2026 மார்ச் 14 வரைக்கும்தானா?” கடைக்காரரின் குரல் இறங்கிவிட்டது.

“பொறு. பணத்தை எப்படிக் குடுத்த?”

“பேங்குலேருந்து அனுப்பினேன். மார்ச் பத்தாம் தேதி. சீட்டு நாலு நாள் கழிச்சுக் கடைக்கு வந்தப்ப எழுதிக் குடுத்தார்.”

குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை முதல்லயே சொல்லக் கூடாதா!”

அந்த நான்கு நாள் இடைவெளிக்குப் பெரிய மதிப்பு உண்டு. பெருமாள் செட்டியார் எதிர் காமாட்சி அம்மாள் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1938இல் இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்தது. பணம் கைமாறிய அதே வேளையில், கடனின் நிபந்தனைகள் முழுவதும் அடங்கியதாக நோட்டு எழுதப்பட்டிருந்தால் அந்த நோட்டுதான் ஒப்பந்தம். அது முத்திரை இல்லாமல் வெளியே நின்றால் வேறு சாட்சியம் காட்டி அந்தக் கடனை நிறுவ முடியாது. கடன் முன்பே முழுமையாகி, பிறகு அதற்கு ஓர் உறுதியாக நோட்டு வந்திருந்தால் நிலைமை வேறு. நோட்டு தள்ளப்பட்டாலும் அசல் கடனின் மீது வழக்குப் போடலாம்.

“அதாவது, சீட்டை மறந்துட்டு, பேங்குக் கணக்கை வச்சு வழக்குப் போடலாம்ங்கிறியா?”

“போடலாம். ஆனா பேங்குக் கணக்கு, பணம் போச்சுன்னு மட்டும்தான் சொல்லும். கடனாத்தான் போச்சுன்னு நீ காட்டணும். வேலைக்கான கூலி பாக்கியைத்தான் அனுப்பினார்னு அவர் சொல்லலாம். அவர் உனக்கு ஏதாவது மெசேஜ் அனுப்பியிருக்காரா?”

கடைக்காரர் போனைத் தேடி எடுத்தார். ‘அண்ணே, மீதி 1,40,000 தை மாசம் குடுத்துடுறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தது.

“இதை அழிச்சிடாத, போனையும் மாத்திடாத. கோர்ட்டுல குடுக்கும்போது அதுக்கு ஒரு சான்றிதழ் சேர்த்துக் குடுக்கணும், வக்கீல் பாத்துப்பார். ஆனா கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாரு. ஆள் மறுக்கல, டைம்தான் கேக்கிறார். புதுசா ஒரு புரோநோட்டு வாங்கு. அவர் கைப்படவே எழுதட்டும்.”

அங்கேயே ஒரு தாளில் வாசகத்தைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்: 10.3.2023இல் வங்கி மூலம் பெற்ற கடன் ரூ. 1,50,000இல் கட்டியது போகப் பாக்கி ரூ. 1,40,000, இதைத் தாங்கள் கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் ஆர்டர் பெற்றவருக்கோ செலுத்துகிறேன். தொகை எண்ணிலும் எழுத்திலும். எழுதுகிற அன்றைய தேதி. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை முதலில் ஒட்டி, கையெழுத்து அதன் மேல் பாதியும் தாளில் பாதியுமாக.

“பழைய சீட்டைக் கிழிச்சுடவா?”

“வேணாம், அதுவும் இருக்கட்டும். அவர் எழுதித் தர மறுத்தா உடனே வக்கீலைப் பாரு.”

“மார்ச் 14க்குள்ளதானே?”

“இல்லப்பா. இப்ப நீ அசல் கடன் மேல போற. பணம் போன நாள்லேருந்துதான் கணக்கு. மார்ச் 10.”