குடும்ப ஆவணங்கள்: மற்றொருவரும் திறக்கக்கூடிய கோப்பு

திண்டுக்கல் பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர் பெற்ற ஊர். 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. ஆகவே, ஆவணங்களைப் பூட்டி வைப்பது இவ்வூர் வீடுகளுக்குப் புதிதன்று. ஆயினும் மருத்துவமனையில் நாங்கள் காணும் இடர்ப்பாடு பெரும்பாலும் பூட்டைப் பற்றியதன்று. எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பதை அறிந்த ஒருவரே நோயாளியாகப் படுக்கையில் இருக்கிறார். உடன் வந்தவருக்கு அது தெரியவில்லை. எனவே கோப்பு முறைக்கு ஒரே ஒரு தேர்வு போதும்: அதை வைத்தவர் பேச இயலாத இரவில், வீட்டில் உள்ள மற்றொருவர் பத்து நிமிடங்களில் வேண்டியதை எடுக்க முடிகிறதா?

ஓர் எடுத்துக்காட்டு

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பயிரிடும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெரியவருக்கு வயது 62. சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உண்டு. மகன் திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை செய்கிறார். வீட்டில் மனைவி மட்டுமே துணை. ஆதார் அட்டை பீரோவில் உள்ளது. மருந்துச் சீட்டுகள் சுவரில் தொங்கும் பையில் உள்ளன. காப்பீட்டு அட்டையின் படம் பெரியவரின் கைப்பேசியில் மட்டும் இருக்கிறது.

இரவு 11 மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி வருகிறது. அவசர சிகிச்சை தாள்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் மருத்துவர் பழைய ஈசிஜியைக் கேட்பார். புதிய ஈசிஜியில் தெரியும் மாற்றம் இன்று ஏற்பட்டதா, முன்பே இருந்ததா என்பதை ஒப்பிட்டுத்தான் அறிய இயலும். எந்த மருந்துகளை எந்த அளவில் உட்கொள்கிறார், எந்த மருந்து ஒவ்வாது என்பதையும் கேட்பார். மறுநாள் காலையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் குடும்ப அட்டையும் ஆதாரும் கேட்கப்படும். இவ்வளவும் வீட்டில் இருந்தன; எடுக்கத்தான் ஆளில்லை.

நான்கு கோப்புகள்

இக்குடும்பத்திற்கு நான்கு கோப்புகள் போதும். ஒவ்வொன்றிற்கும் ஒரு நிறம் இருந்தால், படிக்க இயலாதவரிடமும் "சிவப்பை எடுத்து வாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்லலாம்.

முதலாவது, சிவப்பு நிற அவசரக் கோப்பு. இது பூட்டிய பெட்டிக்குள் இராமல், கதவருகே எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். இதில் ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்கள், கடைசியாகப் பெற்ற டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஈசிஜியின் நகல் ஆகியவை மட்டும் இருக்கும். முன்பக்கத்தில் ஒரே ஒரு தாள்: மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, இரத்தப் பிரிவு, இரண்டு தொலைபேசி எண்கள், மற்ற மூன்று கோப்புகளும் இருக்கும் இடம். மருந்து மாறும்போது தாளும் மாற வேண்டும். ஆகவே எழுதிய தேதியை மேலே குறியுங்கள்.

இரண்டாவது, மருத்துவக் கோப்பு. இதனை நோய்வாரியாகப் பிரிக்காமல் ஆள்வாரியாகப் பிரியுங்கள். புதிய தாள் எப்போதும் மேலே இருக்கட்டும். மூன்றாவது, ஆதார், வங்கி, ஓய்வூதியம், ஆயுள் காப்பீடு ஆகியவற்றின் அசல்கள்.

நான்காவது, நிலமும் வீடும். இது பூட்டிய பெட்டியிலேயே இருக்கட்டும். மருத்துவமனைக்கு ஒருபோதும் கொண்டுவர வேண்டியதில்லை. பட்டாவை eservices.tn.gov.in தளத்திலிருந்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பதிவு செய்த மூலப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல்தான் கிடைக்கும். அந்த அசல் திரும்ப வாராது.

மங்கும் தாள்கள்

2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின், சென்னையில் ஆவணங்களை இழந்தோருக்கு மாற்று ஆவணங்கள் வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. அரசு வழங்கிய தாளுக்கு அத்தகைய வழி உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த ஈசிஜிக்கு அவ்வழி இல்லை. வெள்ளம் வாராமலே அது அழியவும் கூடும். ஈசிஜியும் பல மருந்துக் கடை ரசீதுகளும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருகின்றன. வெயிலிலும் சூட்டிலும் அவ்வெழுத்து மங்கும். சிலவகை பிளாஸ்டிக் உறைகளுக்குள் இன்னும் விரைவாக மங்கும். லேமினேஷன் செய்தால் அந்தச் சூட்டிலேயே தாள் முழுதும் கறுத்துவிடும். எனவே, பெற்ற வாரத்திலேயே சாதாரணத் தாளில் நகல் எடுத்து இரண்டையும் சேர்த்துக் காகித உறையில் வையுங்கள்.

பெயர்ப் பொருத்தம்

கோப்புகளைப் பிரிக்கும் நாளில் இன்னொரு பணியையும் முடித்துவிடலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை அருகருகே வைத்து, பெயரின் எழுத்துகள், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னும் மற்றொன்றில் பின்னும் இருக்கலாம். ஆங்கில எழுத்து ஒன்று மாறியிருக்கலாம். இத்தகைய வேறுபாடு காப்பீட்டு ஒப்புதலைத் தாமதப்படுத்தக்கூடும். உடல்நலத்தோடு இருக்கும்போது ஆதார் மையத்திலும் இ-சேவை மையத்திலும் திருத்தம் கோருவது எளிது. படுக்கையில் இருப்பவரை அங்கே அழைத்துச் செல்வது கடினம்.

மின்வடிவப் பிரதிகள்

படம் எடுக்கும்போது தாளைச் சமதளத்தில், பகல் வெளிச்சத்தில், கையின் நிழல் விழாமல் வையுங்கள். பின்னர் படத்தைப் பெரிதாக்கி, அதிலுள்ள மிகச் சிறிய எண்ணைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் மீண்டும் எடுங்கள். கோப்பின் பெயரைத் தேதியில் தொடங்குங்கள்:

```
2024-03-12_appa_ECG.pdf
2024-03-15_appa_discharge.pdf
```

ஆண்டு, மாதம், நாள் என்னும் இவ்வரிசையில் எழுதினால், பெயர்வாரியாக அடுக்கும்போது அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

பிரதிகள் மூன்று இடங்களில் இருக்கட்டும்: பெரியவரின் கைப்பேசி, திருப்பூரிலுள்ள மகனின் கூகுள் டிரைவ், மற்றோர் ஊரில் உறவினர் வீட்டிலுள்ள பென்டிரைவ். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருப்பதைப் பாதுகாப்பாகக் கருத வேண்டாம். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு நுண்ணெழுத்து கலங்கும், கைப்பேசி மாறினால் பழைய படம் திறவாமலும் போகும். அனுப்ப வேண்டுமாயின் ஆவணமாக அனுப்புங்கள்.

அரசின் டிஜிலாக்கரில் ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். துறையிடமிருந்து நேரே அதில் வந்து சேரும் ஆவணம் சட்டப்படி அசலுக்கு நிகரானது. நாமே படமெடுத்து ஏற்றியது வெறும் நகலே. மேலும் அதைத் திறக்க ஒருமுறைக் கடவு எண் பதிவு செய்த கைப்பேசிக்கே வரும். அக்கைப்பேசி நோயாளியுடையதாக இருந்து, அதன் பூட்டு அவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், சாவி தொலைந்த இரும்புப் பெட்டிதான் அது. அதனாலேயே மகனின் சொந்தக் கணக்கில் தனிப் பிரதி தேவைப்படுகிறது.

ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கும்போது, அனுப்பிய கோப்பைக் கடையின் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லி நேரில் பாருங்கள். முழு ஆதார் எண் தேவையற்ற இடங்களில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். கடவுச்சொற்களையும் ஏடிஎம் ரகசிய எண்ணையும் எந்தக் கோப்பிலும் எழுத வேண்டாம்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை, கோப்பை அடுக்கியவர் ஒதுங்கியிருக்க, மற்றொருவர் சிவப்புக் கோப்பை எடுத்து மருந்துத் தாளைக் காட்டட்டும். பென்டிரைவிலும் டிரைவிலும் ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பார்க்கட்டும். எங்கே தயங்கினாரோ, அங்கே திருத்துங்கள்.