அகதியைத் திருப்பி அனுப்பலாமா?

1951 ஜூலை 28 அன்று ஜெனீவாவில் ஏற்கப்பட்ட அகதிகள் ஒப்பந்தமும், அதிலிருந்த கால வரம்பை நீக்கிய 1967ஆம் ஆண்டின் நெறிமுறையும்தான் இன்றும் அகதிகள் தொடர்பான சர்வதேசச் சட்டத்தின் அடித்தளம். இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருப்பது ஆகிய ஐந்தில் ஒரு காரணத்துக்காகத் தன்னைத் துன்புறுத்துவார்கள் என்ற நியாயமான அச்சத்தால் நாட்டை விட்டு வெளியேறி, அங்கே திரும்ப முடியாமல் இருப்பவர் அகதி. ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ள இடத்துக்கு அகதியை எந்த வகையிலும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. திருப்பி அனுப்பாமை நெறி என்பது இதுதான். ஸ்ட்ராஸ்பர்கிலும் லண்டனிலும் வாஷிங்டனிலும் டெல்லியிலும் நடந்த பெரிய அகதி வழக்குகளில் பல இந்த ஒரே பிரிவைச் சுற்றியவை. பொதுப் பேச்சில் உலவும் தவறான எண்ணங்களும் பெரும்பாலும் இதைப் பற்றியவைதான்.

நம்பிக்கை: ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு, வருகிற எல்லோருக்கும் புகலிடம் கொடுத்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம்கூட, புகலிடம் நாடவும் கிடைத்தால் அதை அனுபவிக்கவும் மனிதருக்கு உரிமை உண்டு என்கிறதே தவிர, கொடுக்கும் கடமையை எந்த நாட்டின் மீதும் சுமத்தவில்லை. யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை எந்த அரசும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசுகள் ஒப்புக்கொண்டது இதைவிடச் சிறிய ஒரு கடமையை: ஆபத்தின் வாயில் ஒருவரைத் திரும்பத் தள்ளாமல் இருப்பது.

சிறிய கடமைதான் என்றாலும் அதன் விளைவு பெரியது. வந்தவர் சொல்வதைக் கேட்காமல், அவர் நாட்டில் நடப்பதை விசாரிக்காமல், ஆபத்து இல்லை என்று ஓர் அதிகாரி எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே திருப்பி அனுப்பாமை நெறிக்குள்ளேயே விசாரணையும் அடங்கியிருக்கிறது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டியதை மட்டும் வைத்து ஒருவரை அகதி அல்ல என்று சொல்லவும் முடியாது. ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைத்து, தக்க காரணம் காட்டுபவரை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. தன்னைத் தேடும் அரசிடமே பாஸ்போர்ட் கேட்டு வரிசையில் நிற்க ஒருவரால் முடியாது என்பதை 1951இல் ஒப்பந்தத்தை வகுத்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

நெறிக்கு விதிவிலக்கும் உண்டு. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருதத் தகுந்த காரணம் இருந்தாலோ, மிகக் கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெற்று மக்களுக்கு ஆபத்தாக இருந்தாலோ அகதி இந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது. ஆனால் இது ஆளுக்கு ஆள் பார்க்க வேண்டிய விலக்கு. ஒரு மதத்தின் மீதோ ஓர் இனத்தின் மீதோ மொத்தமாகப் போடக் கூடியது அல்ல. அனுப்பப்படும் இடத்தில் சித்திரவதை காத்திருக்கிறது என்றால், சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தின் கீழ் இந்த விலக்கும் செல்லாது.

நம்பிக்கை: கரையில் கால் வைக்காதவரைக் கடலிலேயே திருப்பி அனுப்பலாம்.

அரசுகள் இந்த வாதத்தை விரும்புகின்றன, ஏனென்றால் அது விசாரணையைத் தவிர்க்க உதவுகிறது. அமெரிக்காவில் இது வென்றும் இருக்கிறது. 1991இல் ஹைட்டியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் மக்கள் படகுகளில் தப்பினார்கள். அவர்களை நடுக்கடலில் மறித்து, விசாரிக்காமலே ஹைட்டிக்குத் திருப்ப 1992 மே மாதம் அதிபர் ஜார்ஜ் புஷ் உத்தரவிட்டார். 1993இல் உச்ச நீதிமன்றம், 33ஆம் பிரிவு நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. மாறுபட்ட அந்த ஒருவர் நீதிபதி பிளாக்மன்.

ஐரோப்பாவில் முடிவு நேர்மாறாக அமைந்தது. 2009 மே 6 அன்று இத்தாலியின் லம்பெடூசா தீவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தொலைவில், லிபியாவிலிருந்து புறப்பட்ட படகுகளை இத்தாலியக் கப்பல்கள் மறித்தன. படகுகளில் சுமார் 200 பேர் இருந்தார்கள். இத்தாலிய ராணுவக் கப்பல்களுக்கு மாற்றப்பட்ட அவர்களிடம், எங்கே அழைத்துப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. பெயர், ஊர் கேட்கவும் இல்லை. பத்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு கப்பல்கள் திரிப்போலித் துறைமுகத்தை அடைந்தன. லிபிய அதிகாரிகளிடம் தங்களை ஒப்படைக்க வேண்டாம் என்று அவர்கள் எதிர்த்தும் கட்டாயமாக இறக்கிவிடப்பட்டார்கள். லிபியா 1951 ஒப்பந்தத்தில் சேராத நாடு. அங்கிருந்த அகதித் தடுப்பு மையங்களின் கொடுமை அப்போதே வெளியே தெரிந்திருந்தது.

அவர்களில் 11 சோமாலியரும் 13 எரித்திரியரும் ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஹிர்சி ஜமா வழக்கு என்று அது அறியப்படுகிறது. இத்தாலி முன்வைத்த வாதங்கள் கவனிக்கத் தக்கவை, ஏனென்றால் இன்றும் பல தலைநகரங்களில் அவையே ஒலிக்கின்றன. இது கடலில் தத்தளித்தவர்களை மீட்ட பணி மட்டுமே என்றது. லிபியாவோடு செய்த உடன்பாட்டின்படி நடந்தோம் என்றது. அவர்கள் யாரும் புகலிடம் கேட்கவில்லை என்றது.

2012 பிப்ரவரி 23 அன்று நீதிமன்றத்தின் பெரிய அமர்வு மூன்றையும் தள்ளியது. நடுக்கடலில் இத்தாலிக் கொடி பறக்கும் கப்பல் இத்தாலியின் ஆளுகைக்கு உட்பட்டது. இத்தாலியின் சொந்தக் கப்பல் சட்டமே அதைச் சொல்கிறது. மீட்பு என்று பெயர் வைத்தாலும், கப்பலில் இருந்தவர்கள் முழுக்க இத்தாலிய வீரர்களின் பிடியில் இருந்தார்கள். வேறொரு நாட்டோடு செய்த உடன்பாட்டைக் காட்டி ஏற்கெனவே ஏற்ற கடமையிலிருந்து நழுவ முடியாது. கேட்கவில்லை என்பதும் சாக்கு ஆகாது. அனுப்பப்படும் இடத்தில் என்ன நடக்கும் என்பதை அனுப்பும் நாடுதான் அறிந்துகொள்ள வேண்டும். கேட்க வழியும், விளக்க ஆளும், மொழிபெயர்ப்பாளரும் அந்தக் கப்பல்களில் இருக்கவில்லை. தனித்தனியே விசாரிக்காமல் கூட்டமாக வெளியேற்றியதும் தனிக் குற்றமாகச் சேர்ந்தது. மனுதாரர் ஒவ்வொருவருக்கும் 15,000 யூரோ இழப்பீடு கொடுக்க உத்தரவானது.

இறக்கிவிடப்பட்டவர்கள் வேலை தேடி வந்தவர்கள் என்ற பேச்சுக்கு வழக்கின் ஆவணங்களிலேயே பதில் இருக்கிறது. மனுதாரர்களில் 14 பேரை, திரிப்போலியில் இருந்த ஐ.நா. அகதிகள் அலுவலகம் அதே ஆண்டு ஜூன் முதல் அக்டோபருக்குள் அகதிகள் என்று உறுதி செய்தது. தீர்ப்பு வருவதற்குள் இருவர் இறந்திருந்தார்கள். கப்பலின் மேல்தளத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்து ஆளுக்கு அரை மணி நேரம் பேசியிருந்தாலே பலரின் கதை வெளிவந்திருக்கும்.

தீர்ப்பின் வரம்பையும் சொல்ல வேண்டும். 2017இல் இத்தாலி லிபியாவோடு புதிய உடன்பாடு செய்துகொண்டது. அதன்பின் லிபியக் கடலோரக் காவல்படைக்குப் படகும் பயிற்சியும் தந்து, மறிக்கும் வேலையை அவர்களிடமே விட்டது. இத்தாலிய வீரரின் கை படகில் படவில்லை என்பதால், ஹிர்சி தீர்ப்பை அங்கே நேரடியாகப் பொருத்துவது கடினம். அகதிக்கு விளைவு ஒன்றுதான்: அதே துறைமுகம், அதே தடுப்பு மையம்.

நம்பிக்கை: வேறொரு பாதுகாப்பான நாட்டுக்கு அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாம் நாட்டுக்கு அனுப்புவதை ஒப்பந்தம் தடுக்கவில்லை. முதலில் கால் வைத்த நாட்டில்தான் புகலிடம் கேட்க வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் பொறுப்பைப் பிரித்துக்கொள்ள வகுத்த டப்ளின் விதிகளை உலகப் பொதுவிதியாக எண்ணுவதால் வந்த குழப்பம் அது. அனுப்பும்போது எழும் கேள்வி, அந்த மூன்றாம் நாடு அவரை ஆபத்துள்ள சொந்த நாட்டுக்கு அனுப்பிவிடுமா என்பதுதான். பிரிட்டன் தன் கரைக்கு வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பத் திட்டமிட்டபோது, 2023 நவம்பர் 15 அன்று அதன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தடுத்தது இந்தக் காரணத்தால்தான். ருவாண்டாவின் விசாரணை முறை நம்பத் தகுந்ததாக இல்லை, அங்கிருந்து அகதிகள் திருப்பி அனுப்பப்படும் ஆபத்து உண்மையானது என்று நீதிபதிகள் கண்டார்கள். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் ருவாண்டா பாதுகாப்பானதே என்று சட்டம் இயற்றியது. சட்டம் போட்டு ஒரு நாட்டைப் பாதுகாப்பானதாக்க முடியாது. 2024இல் ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது.

நம்பிக்கை: இந்தியா கையெழுத்திடவில்லை; ஆகவே இந்தியாவுக்குக் கடமையே இல்லை.

முதல் பாதி சரி. இந்தியா 1951 ஒப்பந்தத்திலும் 1967 நெறிமுறையிலும் சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. திபெத்தியரையும் இலங்கைத் தமிழரையும் அரசே பதிவு செய்கிறது. ஆப்கானியர், மியான்மர் நாட்டவர் போன்றோரை டெல்லியில் உள்ள ஐ.நா. அகதிகள் அலுவலகம் பதிவு செய்கிறது. சட்டத்தின் கண்ணில் எல்லோருமே வெளிநாட்டவர்தான்.

இரண்டாம் பாதி அவ்வளவு எளிதல்ல. அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமானது அல்ல. 1996இல் சக்மா மக்களை அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து விரட்ட முயன்றபோது, அவர்கள் உயிரைக் காப்பது மாநில அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1998இல் குஜராத் உயர் நீதிமன்றம் ஈராக்கிய அகதிகள் இருவரின் வழக்கில், திருப்பி அனுப்பாமை நெறி 21ஆம் பிரிவுக்குள்ளேயே அடங்கும் என்றது. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தமிழர்களை 1992இல் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, அவர்கள் மனமொப்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அதை நேரில் விசாரிக்கும் பணி அந்த ஆண்டே ஐ.நா. அகதிகள் அலுவலகத்திடம் தரப்பட்டது.

இந்தப் பாதுகாப்பு உறுதியானது என்று எண்ணிவிடவும் கூடாது. ஜம்முவில் பிடித்துவைக்கப்பட்ட ரோஹிங்கியாக்களின் வழக்கில், 2021 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை மியான்மருக்கு அனுப்புவதைத் தடுக்க மறுத்தது. 21ஆம் பிரிவு எல்லோருக்கும் உண்டு, ஆனால் நாட்டை விட்டு அனுப்பப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கே உரியது என்பது அதன் நிலை. உரிய நடைமுறைப்படி அனுப்ப வேண்டும் என்பது மட்டுமே அது விதித்த கட்டுப்பாடு. ராணுவம் ஆட்சியைப் பிடித்து இரண்டே மாதங்கள் ஆகியிருந்த நாட்டுக்கு மக்களை அனுப்ப வழிவிட்ட அந்த உத்தரவு, முந்தைய தீர்ப்புகள் திறந்த பாதையை மிகவும் குறுக்கிவிட்டது.

2025 செப்டம்பரில் குடியேற்றம், வெளிநாட்டவர் பற்றிய புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. அந்த விலக்கு அகதி நிலையையோ குடியுரிமையையோ தரவில்லை. அது அரசு ஆணையாக வந்தது, அரசு ஆணையாலேயே திரும்பப் பெறப்படவும் கூடும்.