ஈரக் குப்பை நாறாமல் இருக்க

கோடையில் குப்பைக்கூடை நாறுவதற்குக் குப்பையைவிட அதன் அடியில் தேங்கும் தண்ணீர்தான் காரணம். காற்றுப் புகாத அந்த ஈரத்தில் கிருமிகள் பெருகித்தான் புளித்த வாடை கிளம்புகிறது. அதனால் டீத்தூள், மிஞ்சிய சாம்பார்க் காய், ஊறிய சாதம் எதுவானாலும் வடிகட்டியில் பத்து நிமிடம் விட்டு, நீர் வடிந்த பிறகு போடுங்கள். கூடைக்குள் செய்தித்தாளை நாலாக மடித்து வைத்தால் மிச்ச ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மாலையில் தாள் சொதசொதவென்று இருந்தால், வடியவிட்டது போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீன் சமாசாரம் வேறு. மதியம் கழித்த குடலும் இறால் ஓடும் மறுநாள் காலைவரை தாங்காது. தாளில் சுற்றி, மூடியுள்ள பழைய டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள், உறைந்திருக்கும்வரை அழுகாது. குப்பை வண்டி வந்ததும் எடுத்துப் போட்டால் போதும். வீட்டில் முகம் சுளிப்பார்கள்தான். ஆனால் சுத்தம் செய்யாத மீனை அங்கே வைக்கும்போது யாரும் சுளிப்பதில்லையே!

காலி செய்த பிறகும் வாடை வந்தால் மூடியின் உள்விளிம்பைப் பாருங்கள், பிசுக்கு அங்கேதான் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பால்கனி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஃபினாயில் வாடையை மறைக்குமே தவிர, பிசுக்கை எடுக்காது.