பீஸ் ஏன் போகிறது, பில் ஏன் ஏறுகிறது?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு கட்டி இருபத்தைந்து வருஷம் இருக்கும். மார்கழி பிறந்ததும் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும், குளிக்கத் தண்ணீர் காயவைக்க ஒரு காயிலும் வாங்கினோம். அடுப்பில் 1800 வாட், காயிலில் 1500 வாட் என்று போட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அடுப்படி பீஸ் போய்விடும். பீஸ் கட்டையில் 5 ஆம்பியர் என்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி வயரிலிருந்து மூன்று இழை உருவி முறுக்கிக் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பீஸ் போகவே இல்லை. ஆனால் காலையில் பிளக் பாயின்ட் பக்கம் மீன் வாடை மாதிரி ஏதோ அடிக்கிறது. அடுப்படியில் மீனே இல்லாத நாளிலும் அடிக்கிறது. இன்னொன்று, போன தடவை 390 யூனிட்டுக்கு 1,080 ரூபாய் கட்டினோம். 2023 பிப்ரவரியில் 525 யூனிட், 2,150 ரூபாய் என்று வந்திருக்கிறது. கொஞ்சம் கூடியதற்கு இரண்டு மடங்கு பணமா? பீஸ் சூடாவதால் கரண்ட் வீணாகிறதா?
— ஒரு வாசகி, திசையன்விளை

பதில்: அம்மா, பிறகு பில்லுக்கு வருகிறேன். முதலில் மெயினை அணைத்துவிட்டு அந்த மூன்று இழையையும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். நீங்கள் சொல்லும் மீன் வாடை, பிளக் பாயின்டின் பிளாஸ்டிக் வெந்து வரும் வாடை. சுவிட்ச், பிளக் பாயின்ட் செய்கிற சில வகைப் பிளாஸ்டிக் அதிகம் சூடானால் அப்படித்தான் நாறும். சுவரில் புகை தெரிவதற்கு வெகு நாள் முன்பே இந்த வாடை வந்துவிடும் என்பதால், அதை அசட்டை செய்யாமல் எழுதிக் கேட்டது நல்லதாயிற்று.

எந்தச் சாமானிலும் எழுதியிருக்கும் வாட்டை 230-ஆல் வகுத்தால் அது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று தெரியும். உங்கள் அடுப்பு 1800 வாட், அதாவது 7.8 ஆம்பியர். காயில் 6.5 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 14.3.

இனி பீஸ். 5 ஆம்பியர் பீஸ் என்றால் 5 தாண்டியதும் அறுந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எண், கம்பி எவ்வளவு நேரமானாலும் தாங்கும் அளவு. கையால் கட்டும் பீஸ் கம்பி உருக வேண்டுமானால் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். ஆகவே உங்கள் 5 ஆம்பியர் கம்பி சுமார் 10-இல்தான் உருகும். அடுப்பு மட்டும் என்றால் 7.8, கம்பி சூடாகும், ஆனால் நிற்கும். காயிலும் சேர்ந்து 14.3 ஆனதும் உருகிவிடும். உங்கள் வீட்டில் நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான். பீஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

அந்த 5 என்பது எதை வைத்து வந்தது? அடுப்பை வைத்து அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை வைத்து. இருபத்தைந்து வருஷத்து வீட்டில் லைட், ஃபேன் லைனுக்குப் பெரும்பாலும் ஒரு சதுர மில்லிமீட்டர் வாக்கில்தான் செம்பு வயர் இழுத்திருப்பார்கள். பைப்புக்குள் ஓடும் அந்த வயர் சுமார் 11 ஆம்பியர் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் மேலே உள்ள பிளாஸ்டிக் உறை கொஞ்சம் கொஞ்சமாக வெந்து, காய்ந்து, உதிரும். வயர் தாங்குவது 11, பீஸ் உருகுவது 10. வயர் கெடுவதற்கு முன் பீஸ் போக வேண்டும் என்றுதான் அன்றைக்கு வயரிங் செய்தவர் கணக்குப் போட்டு 5 ஆம்பியர் கம்பி கட்டியிருக்கிறார். பீஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அடுப்பு எவ்வளவு கேட்கிறதோ அதற்கேற்பப் பீஸைப் பெரிதாக்கினால், காவலே இல்லாமல் போய்விடும்.

அண்ணாச்சி கட்டிய இழைகளைப் பார்ப்போம். சாதாரண வளையும் வயரில் உள்ள ஓர் இழை 0.3 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது ஒன்றே உருக ஏறக்குறைய 13 ஆம்பியர் வேண்டும். மூன்றை முறுக்கினால் 30-ஐத் தாண்டிவிடும். 11 தாங்கும் வயருக்கு, 30 தாண்டினாலொழிய உருகாத பீஸ். இதில் கவலைப்பட வேண்டிய விஷயம், சூடு கரண்டோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, கரண்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. 1841-இல் ஜேம்ஸ் ஜூல் வெளியிட்ட கணக்கு இது: H = I²Rt. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. உங்கள் வயரில் 11-க்குப் பதில் 14.3 ஓடுகிறது. கரண்ட் முப்பது சதவீதம்தான் கூடுதல், ஆனால் வயரில் பிறக்கும் சூடு எழுபது சதவீதம் கூடுதல். எங்காவது உறை உருகி இரண்டு வயர் உரசி, கரண்ட் 30 வரை போனால், சூடு ஏழு மடங்குக்கு மேல். அப்போதும் அந்த மூன்று இழை அசையாது.

வாடை வரும் இடத்தையும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும். பிளக்கின் பித்தளைக் கால், பாயின்டுக்குள் இருக்கும் பித்தளைப் பிடியில் இறுக்கமாக உட்கார வேண்டும். பிடி தளர்ந்தாலோ, களிம்பு ஏறினாலோ அந்த இடத்தில் தடை கூடும். உங்கள் ஊருக்கு உவரிக் கடல் பக்கம். உப்புக்காற்றில் செம்பும் பித்தளையும் சீக்கிரம் பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்தத் தடை பத்தில் ஒரு ஓம்தான் என்று வையுங்கள். 14.3 ஆம்பியர் அதன் வழியே ஓடினால் 14.3 × 14.3 × 0.1, சுமார் 20 வாட் சூடு மிளகளவு இடத்தில் பிறக்கும். ரேடியோ ரிப்பேர்காரர் ஈயம் உருக்க வைத்திருக்கும் சின்னப் பற்றுக்கோலின் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். காயிலை மட்டும் போட்டால் அதே இடத்தில் 4 வாட்தான். அதனால்தான் இரண்டும் ஓடும் காலை வேளையில் மட்டும் வாடை தெரிகிறது. பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், கால்களில் ஒன்று கறுத்திருக்கும், அல்லது பாயின்டின் துளை ஓரம் பழுப்பேறியிருக்கும். இருந்தால் அந்தப் பாயின்டை மாற்றியே ஆக வேண்டும். சுரண்டித் துடைத்து மறுபடி போட்டால் நிற்காது, பிடியின் இறுக்கம் ஏற்கெனவே போயிருக்கும்.

என்ன செய்யலாம்? இப்போதைக்கு 5 ஆம்பியர் பீஸ் கம்பியே கட்டுங்கள். எலக்ட்ரிக் கடையில் அட்டையில் சுற்றி, ஆம்பியர் எழுதி விற்பார்கள். ஈயம் பூசிய செம்புக் கம்பி, 0.2 மில்லிமீட்டர் கனம். 10 ஆம்பியர் கம்பி கட்டலாமா என்று தோன்றும், வேண்டாம். அது 20 பக்கம் போனால்தான் உருகும், உங்கள் பழைய வயர் அதைத் தாங்காது. அடுப்பையும் காயிலையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்.

பிறகு லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து அடுப்படிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன், எர்த்தோடு, இழுக்கச் சொல்லுங்கள். முனையில் 16 ஆம்பியர் பவர் பாயின்ட், போர்டில் அதற்கென்று 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த வயர் 20 ஆம்பியர் வாக்கில் தாங்கும். உங்கள் 14.3 அதற்குள் அடங்கும். பழைய லைனிலேயே பெரிய பாயின்டை மட்டும் மாற்றி வைக்கும் வழக்கம் உண்டு. அதற்குச் சம்மதிக்காதீர்கள், சுவருக்குள் இருப்பது அதே மெல்லிய வயர்தான்.

தனி லைன் இழுக்கும்போதே ஆர்.சி.சி.பி. ஒன்றும் போர்டில் வையுங்கள். ஷாக் அடித்தால் பீஸ் காப்பாற்றாது. ஓர் ஆளைக் கொல்ல ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை, பீஸுக்கு அது தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவ்வளவு சின்னக் கசிவையும் கண்டு கரண்டை வெட்டிவிடும். வாளியில் காயில் போடும் வீட்டுக்கு இது மிகவும் அவசியம். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

இனி பில். யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாட் என்பது இழுக்கும் வேகம், யூனிட் என்பது இழுத்த மொத்தம். உங்களுக்குப் பக்கத்துக் கூடங்குளத்தில் ஓர் உலை 1000 மெகாவாட். அது ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் பத்து லட்சம் யூனிட்.

உங்கள் வீட்டில் புதிதாக வந்தவை இரண்டு. காயில் தினம் அரை மணி நேரம் என்றால் முக்கால் யூனிட், அறுபது நாளில் 45. அடுப்பு எப்போதும் 1800-இல் ஓடாது, குறைத்து வைத்துச் சமைப்பதையும் சேர்த்துச் சராசரி 1000 வாட், தினம் ஒன்றரை மணி என்று எடுத்தால் 90. இரண்டும் சேர்ந்து 135. உங்கள் பழைய 390-உடன் கூட்டினால் சரியாக 525. மீட்டரில் கோளாறு இல்லை. பீஸும் பிளக்கும் சூடாகி வீணானது இரண்டு மாதத்தில் ஓரிரு யூனிட் தேறினால் அதிகம்.

நேரில் பார்த்துக்கொள்ள ஆசை என்றால் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். பக்கத்தில் 3200 imp/kWh என்று எழுதியிருந்தால், 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் காயிலை மட்டும் போட்டால் நிமிஷத்துக்கு 80 தடவை மினுக்க வேண்டும். திரையில் தேதி, வோல்டேஜ் என்று பலதும் மாறி மாறி வரும். kWh என்று காட்டும் எண்தான் ரீடிங். போன ரீடிங்கை அதிலிருந்து கழித்தால் யூனிட்.

பணம் ஏன் இரட்டிப்பானது? 2022 செப்டம்பர் 10-இல் நடப்புக்கு வந்து, உங்கள் 2023 பில்லுக்குப் பொருந்திய கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு கணக்கு, தாண்டினால் வேறு கணக்கு என்று இருந்தது. இரண்டிலும் முதல் 100 இலவசம். 500-க்குள் இருந்தால் அடுத்த 100-க்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய், 101-இலிருந்தே 4.50 ஆகிவிடும். 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய். உங்கள் பில்: 300 யூனிட்டுக்கு 1,350, அடுத்த 100-க்கு 600, கடைசி 25-க்கு 200. மொத்தம் 2,150. சரியாக 500-இல் நின்றிருந்தால் 1,725. அந்தக் கடைசி 25 யூனிட்டுக்கு நீங்கள் கொடுத்தது 425 ரூபாய்.

ஆகவே அடுப்பை விட வேண்டியதில்லை. குளிக்கிற தண்ணீரை மட்டும் விறகடுப்பில் காயவைத்துக் காயிலை எடுத்து வைத்தால் 480 யூனிட் வரும், அந்தக் கட்டணத்தில் பில் 1,605 ரூபாய்.