நீலச் சேலையும் விற்பனைக் குறிப்பும்

திண்டிவனம் சாலையில் கோரிமேடு வழியாகப் புதுவைக்கு வருவோர் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். இணையத்தில் வாங்குவோருக்கு அவ்வசதி இல்லை. நாம் எழுதும் குறிப்பையே அவர்கள் நம்ப வேண்டும். ஆதலின் அதில் எதை எழுதலாம் என்பதை ஒரு நீலச் சேலையைக் கொண்டு ஆராய்வோம்.

புதுவை நீலத் துணிக்குப் பழைய வரலாறு உண்டு. ‘கினே’ எனப்பட்ட அத்துணி, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகால் பகுதிக்குச் சென்று, அங்குக் கிடைத்த மரப்பிசினுக்கு மாற்றுப் பண்டமாக விளங்கிற்று. அக்காலத்தில் அதற்கு நிறம் தந்தது அவுரி. இவ்வளவும் உண்மையே. எனினும் நமது சேலை அதன் வழிவந்தது என எழுதுவதற்குச் சங்கப் பதிவேட்டில் சான்று வேண்டும்.

சாயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வந்துவிட்டது. இரண்டையும் கண்ணால் பிரித்தறிதல் அரிது. சாயம் வாங்கிய சீட்டே சான்றாகும். சீட்டில் செயற்கை நீலம் என்றிருந்தால் அவ்வாறே எழுதுக.

நமது பதிவேட்டின்படி ஒரு குறிப்பு இவ்வாறு அமையலாம்: “60ஆம் நம்பர் பருத்தி நூல், செயற்கை நீலம், நீளம் 5.5 மீட்டர், கைத்தறியில் ஒருவர் நான்கு நாளில் நெய்தது. முதல் சலவையில் சாயம் சிறிது இறங்கும், தனியே அலசுக. புதுவையில் முன்பு அவுரி நீலத் துணி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டது, இது அத்துணியன்று.”

இறுதி வாக்கியத்தை நீக்க அங்கத்தினர் சிலர் விரும்பக்கூடும். அதை நீக்கினால், பழைய அவுரித் துணியென எண்ணி வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்புவார். அஞ்சற் செலவும் அவநம்பிக்கையும் சங்கத்தின் தலையில் விழும்.