பத்து லிட்டர் சாம்பாருக்கு ஓர் அட்டை

ஒரு விடுதி மெஸ்ஸில் செய்முறை அட்டை எழுதப் போயிருந்தேன். காலையில் ஒரு மாஸ்டர், இரவில் ஒரு மாஸ்டர். இருவருக்கும் ஒரே பருப்பு, ஒரே பொடி. ஆனால் பிள்ளைகள் இரவு சாம்பாரை “தண்ணி சாம்பார்” என்றுதான் சொன்னார்கள். உப்பை எவ்வளவு போடுகிறீர்கள் என்று இரவு மாஸ்டரிடம் கேட்டதற்கு, “கை அளவுதான் சார்” என்று உள்ளங்கையைக் காட்டினார்.

கையை நிறுத்தி தராசில் போடச் சொன்னால் அந்தக் கை அன்று வேறு மாதிரி வேலை செய்யும். அதனால் அவரைத் தொந்தரவு செய்யாமல், உப்பு டப்பாவை சமையலுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் எடை போட்டேன். மூன்று நாளில் குறைந்த உப்பு 96, 104, 131 கிராம். மூன்றாம் நாள் கை தப்பிவிட்டது என்று தோன்றும். இறக்கிய சாம்பாரையும் அளந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. முதல் நாள் 9.2 லிட்டர், அடுத்த நாள் 10, மூன்றாம் நாள் கூட்டம் அதிகம் என்று 12.5. வகுத்துப் பாருங்கள், மூன்று நாளும் லிட்டருக்கு ஏறக்குறைய பத்தரை கிராம் உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்துப் போடுகிற கை ஏமாறவில்லை. ஏமாற்றியது தண்ணீர். பருப்பு மூன்று நாளும் அதே 900 கிராம். அது முதல் நாள் லிட்டருக்கு 98 கிராமாக இருந்து மூன்றாம் நாள் 72 ஆகிவிட்டது. உப்பு சரி, புளிப்பு சரி, ஆனால் சாம்பார் ஓடுகிறது.

அதனால் அட்டை எழுத உட்கார்ந்தால் நான் பொருள் பட்டியலிலிருந்து தொடங்குவதில்லை. இறக்கும்போது எத்தனை லிட்டர் இருக்க வேண்டும் என்ற கடைசி வரியை முதலில் எழுதுகிறேன்.

அந்த வரியைச் சமையலறையில் நிறைவேற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, ஊற்ற வேண்டிய தண்ணீரை அளந்து எழுதுவது. எழுத எளிது, ஆனால் ஏமாற்றும். பருப்பு பழையதா புதியதா, அண்டா அகலமா குறுகலா, மூடி போட்டாரா, தீ எப்படி என்பதைப் பொறுத்து வற்றுகிற அளவு மாறும். ஊற்றியது ஒன்று, இருப்பது ஒன்று என்று ஆகிவிடும். இன்னொன்று, இறக்குகிற மட்டத்தைக் குறிப்பது. அண்டாவில் பத்து லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, நடுவில் ஒரு எவர்சில்வர் கம்பியை நேராக நிறுத்தி, தண்ணீர் தொடும் இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போடுங்கள். செலவு இல்லை. சாம்பார் கொதித்து முடிந்ததும் தீயைத் தணித்து, நுரை அடங்கிய பிறகு கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். கொதிக்கும்போது பார்த்தால் மட்டம் கூடுதலாகக் காட்டும். கீறலுக்குக் கீழே இருந்தால் வெந்நீர் ஊற்றி ஒரு கொதி, மேலே இருந்தால் திறந்து வைத்து இன்னும் கொஞ்சம் கொதி.

ஒரே நிபந்தனை, அந்தக் கம்பி அந்த அண்டாவுக்கு மட்டும்தான். அண்டாவில் பெயின்டில் ஒரு எண் எழுதி, அதே எண்ணை அட்டையிலும் கம்பியிலும் எழுதிவிடுங்கள். கழுவப் போட்ட அண்டாவுக்குப் பதிலாக வேறொன்றை எடுத்த நாளில்தான் எல்லாம் குழம்பும்.

உப்பையும் இந்தக் கீறலோடு கட்டிவிடலாம். பத்து லிட்டருக்கு 105 கிராம் என்றால், காயோடு 80 கிராம், மீதி 25 கிராம் மட்டம் பார்த்த பிறகு.

அடுத்து, பொருள்களை எதில் அளப்பது. படி, டம்ளர், கரண்டி என்பது ஒரு வழி. தராசு இன்னொரு வழி. தராசுதான் சரி என்று புத்தகத்தில் படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஈரக் கையோடு, ஆவிக்கு நடுவில், நாற்பது லிட்டர் அடுப்பில் கொதிக்கும்போது எலக்ட்ரானிக் தராசைத் தேடிப் பார்த்ததில்லை. கரண்டி வேகமானது. ஆனால் ஒரு கரண்டி கல் உப்பும் ஒரு கரண்டி தூள் உப்பும் ஒரே எடை அல்ல. கல்லுக்கு நடுவில் காற்று இருக்கிறது, எடை குறையும். ஸ்டோரில் கல் உப்பு தீர்ந்து தூள் வந்த நாளில், அட்டையில் எதுவும் மாறாமலேயே சாம்பார் கரிக்கும். சாம்பார் பொடியும் அப்படித்தான், அமுக்கி எடுத்தால் ஒரு எடை, தூவி எடுத்தால் ஒரு எடை.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. அட்டையில் எல்லாம் கிராமில், ஆனால் எடை போடுவது மாஸ்டர் அல்ல, ஸ்டோர். முந்தின நாளே ஸ்டோர்க்காரர் உலர்ந்த இடத்தில் தராசை வைத்து, பத்து லிட்டருக்கு ஒரு பொட்டலம் என்று பொடி, புளி, பெருங்காயம், இரண்டு பொட்டலமாக உப்பு எல்லாம் கட்டி வைத்துவிடுகிறார். மாஸ்டர் கையில் வருவது பிரித்துக் கொட்ட வேண்டிய பொட்டலம். ஸ்டோர் வைக்க ஆள் இல்லாத சின்னக் கடை என்றால், கரண்டியே போதும். ஆனால் ஒரே ஒரு கரண்டியை அதற்கென்று ஒதுக்கி, தலை தட்டி எடுத்தால் எத்தனை கிராம் என்று எடை போட்டு அட்டையில் எழுத வேண்டும். உப்பின் வகை மாறினால் மறுபடியும் எடை.

காய்கறியில் இன்னொரு தகராறு உண்டு. “பூசணி 2 கிலோ” என்று அட்டை சொன்னால், அது சந்தையில் வாங்கியதா, தோலும் குடலும் நீக்கி நறுக்கியதா? ஒரு மாஸ்டர் அப்படிப் படிப்பார், இன்னொருவர் இப்படி. சமையல் அட்டையில் நறுக்கிய எடையை மட்டும் எழுதுங்கள், வாங்கும் எடை ஸ்டோர் இன்டென்ட்டில் இருக்கட்டும். கழிவைக் கண்டுபிடிக்க ஒரு முறை சீவி எடை போட்டால் போதும். எங்கள் பூசணி கிலோவுக்கு 700 கிராம் தேறியது. அப்படியானால் 1.4 கிலோ நறுக்கிய பூசணிக்கு 2 கிலோ வாங்க வேண்டும். முருங்கைக்காயை எடையில் எழுதாமல் துண்டுக் கணக்கில் எழுதுவதே நல்லது. இலையில் விழுந்தது ஒன்றா இரண்டா என்றுதான் சாப்பிடுபவர் பார்ப்பார்.

எழுதும் முறையில் அதிகம் யோசிக்க வேண்டாம். மேலே பட்டியல், கீழே செய்முறை என்பது வீட்டுக்கு அழகு. பெரிய சமையலறையில் இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் அந்தப் பொருளை என்ன செய்வது என்று கட்டம் கட்டமாக எழுதினால், மாஸ்டர் நடுவில் எழுந்து போய் வேறொருவர் கரண்டியைப் பிடித்தாலும் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று தெரியும். நேரத்தை மட்டும் நம்பாமல் கண்ணாலோ மூக்காலோ அறியும் அடையாளத்தையும் எழுதுங்கள். “புளித் தண்ணீர் பச்சை வாசனை போகும்வரை” என்பது “8 நிமிடம்” என்பதைவிட நம்பகமானது.

இனி பரிமாறும் அளவு. இங்கே இடத்துக்கு இடம் முறை மாறும். பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் தேசிய அளவு தலைக்கு, அதுவும் சமைக்காத பொருளில் சொல்லப்படுகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு தானியம் 100 கிராம், பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5 கிராம். கணக்குக்கும் தணிக்கைக்கும் அது சரியான வழி. பிள்ளைகளை எண்ணினால் அரிசி தெரிந்துவிடும். ஆனால் தட்டில் எத்தனை கரண்டி விழும் என்பதை அது சொல்லாது. ஓட்டலுக்கும் மெஸ்ஸுக்கும் சமைத்த அளவே வேண்டும்.

டிபன் கடையில் கரண்டிக் கணக்கு நன்றாக ஓடும். சாம்பார் கரண்டியைத் தராசில் வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் 150 கிராம் என்றால் கரண்டி 150 மில்லி. பத்து லிட்டரில் 66 கரண்டி வரும், ஆனால் அண்டாவின் அடியிலும் வாளியிலும் ஒட்டிக்கொள்வது அரை லிட்டர் வரை போகும். 63 என்று எழுதுங்கள். அதோடு, “ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கலக்கி எடுக்கவும்” என்பதை அட்டையிலேயே எழுத வேண்டும். கலக்காமல் மொண்டால் முதல் இருபது பேருக்கு ரசம், கடைசி இருபது பேருக்குக் கூட்டு. மாஸ்டர் சரியாகச் செய்ததைப் பரிமாறுகிறவர் கெடுப்பது இந்த இடத்தில்தான். பழி மட்டும் மாஸ்டருக்கு.

முழுச் சாப்பாட்டுக்கு, கேட்கக் கேட்க ஊற்றுகிற இடத்தில், கரண்டிக் கணக்கு வெறும் பொய். அங்கே மூன்று வாரம் தினமும் செய்த சாம்பாரில் மீந்ததைக் கழித்து, விற்ற டோக்கனால் வகுத்துப் பாருங்கள். அந்த மெஸ்ஸில் தலைக்கு 240 மில்லி வந்தது. ஒட்டுவது போக 9.6 லிட்டர் என்றால் நாற்பது பேர். அட்டையில் “ஒருவருக்கு ஒரு கரண்டி” என்று எழுதாமல் “10 லிட்டர், 40 பேர்” என்று எழுதினோம். வெள்ளிக்கிழமை பிரியாணி என்பதால் அன்றைய எண்ணைச் சேர்க்கவில்லை.

இனி பெருக்குவது. 160 பேர் என்றால் நான்கால் பெருக்கினால் போதுமா? பருப்பு, காய், உப்பு, பொடி ஆகியவற்றுக்கு ஏறக்குறைய ஆம், கடைசி மட்டம் 40 லிட்டராக இருக்கும்வரை. தண்ணீருக்கு இல்லை. ஆழமான பெரிய அண்டாவில் மேற்பரப்பு நான்கு மடங்காக ஆகாது, அதனால் வற்றுவதும் நான்கு மடங்காகாது. தாளிக்கும் எண்ணெயும் அப்படியே, 100 மில்லி 400 ஆனால் மேலே எண்ணெய் மிதக்கும். மூன்று மடங்கில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். “தேவைக்கேற்பப் பெருக்கவும்” என்று ஓர் அட்டை எழுதுவதைவிட, 10 லிட்டருக்கு ஒன்றும் 40 லிட்டருக்கு ஒன்றும் தனித்தனியாகச் சமைத்துப் பார்த்து எழுதுவதே நல்லது. இடைப்பட்ட நாளில் 10 லிட்டர் அண்டாவை இரண்டு தடவை வைக்கலாம்.

அட்டையை லாமினேட் செய்வதற்கு முன், அதை எழுதாத ஒருவரைக் கொண்டு சமைக்க வையுங்கள். நாங்கள் இரவு மாஸ்டரோடு எழுதியதைக் காலை மாஸ்டரிடம் கொடுத்தோம். பாதியில் நின்று, “பருப்ப மசிக்கணுமா, அப்படியே விடணுமா?” என்று கேட்டார். எழுத மறந்திருந்தோம். எழுதியவருக்குத் தெரிந்த விஷயங்கள்தான் அட்டையில் விடுபடும்.

எல்லாம் முடிந்தும் ஒரு வரி மட்டும் நிலைக்காது. புதுப் புளியும் பழைய கருத்த புளியும் ஒரே எடையில் ஒரே புளிப்பைத் தருவதில்லை. ஒவ்வொரு புளி மூட்டையையும் பிரிக்கும்போது பத்து லிட்டரை வைத்துப் பார்த்து, எத்தனை கிராம் என்று மாஸ்டர்கள் இருவரும் ருசி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, அந்த எண்ணை மட்டும் லாமினேஷன் மேல் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள்.